டார்ச் வெளிச்சத்தில் சொன்னது

மொட்டை மாடித் தரையில் முளை அடிக்க முடியாது என்பது கூடாரத்தை விரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆபீஸில் மலையேறப் போகும் பையன் ஒருவனிடம் இரவல் வாங்கி வந்த கூடாரம். நாலு மூலைக்கும் நாலு முளைக்கம்பி கொடுத்திருந்தான். மண்ணில் இறங்கும் கம்பி சிமெண்டில் எப்படி இறங்கும்? மகளுக்கு அது பெரிய வேடிக்கை. "அப்பா, தத்தி எடு, அடி!" என்று கத்தினாள். சுத்தியைத்தான் சொல்கிறாள். அவளுக்கு 'ச' வராது. சாதம் தாதம், சட்டை தட்டை.

கள்ளிக்குப்பத்தில் நாங்கள் இருப்பது ஒரு வீட்டின் முதல் மாடி. கீழே வீட்டுக்காரம்மா. எங்களுக்கு மேலே மொட்டை மாடி. அந்த அம்மாள் துணி எடுக்க வந்தவர் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்.

"இன்னா தம்பி, டெண்ட்டு அட்ச்சிகினு கீற? ஊட்ல எடம் பத்தலியா?"

"குழந்தைக்கு கேம்ப்மா. ஸ்கூல்ல காலாண்டு லீவு."

"கேம்ப்பா! தரை இன்னும் கொதிக்கிது பாரு. நாலு பக்கெட் தண்ணி ஊத்தி வுடு. ஆறுனப்பறம் பாய் போடு. இல்லாங்காட்டி கொழந்த முதுகு வெந்துடும்."

ஊற்றினேன். தண்ணீர் பட்டதும் தரையிலிருந்து ஆவி கிளம்பி, மாடி முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாசனை. இரண்டு முறை ஊற்றிக் காயவிட்ட பிறகுதான் வெறுங்காலை வைக்க முடிந்தது. பழைய பெயிண்ட் டப்பாக்களில் மணலை நிரப்பி, கூடாரத்தின் மூலைக் கயிறுகளை அவற்றின் கைப்பிடியில் கட்டினேன். கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக, வாசல் படிக்கட்டுப் பக்கம் பார்க்கும்படி. கூடாரத்தைத் தாங்கும் கம்பிகள்தான் மகளுக்கு ரொம்பப் பிடித்தன. துண்டு துண்டாக மடிந்து கிடக்கும், உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடும். ஒரு முனையைப் பிடித்து உதறினால் டக் டக்கென்று ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளக் கம்பியாகிவிடும். அப்படி இரண்டு கம்பிகளைத் துணியின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி செலுத்தி, வளைத்து, நுனிகளை மூலையில் இருக்கும் ஓட்டைகளில் செருகினால் கூடாரம் தானாக எழுந்து நிற்கிறது. அவள் கை தட்டினாள். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் நான் சிரிப்பது என்பது வாயை அந்த மாதிரி வைத்துக்கொள்வதுதான்.

அவளுடைய அம்மா செத்து அப்போது ஒரு வருஷம் ஆகப் போகிறது. மழைக்கால ஜுரம். ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாள், நடந்து வரவில்லை. அங்கிருந்தே ஊருக்குக் கொண்டுபோய்விட்டோம். "குழந்தை பார்க்க வேண்டாம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கு எதையும் எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. ஆகவே என் மகளைப் பொறுத்தவரை, அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள், அவ்வளவுதான்.

அவளிடம் யாரும் சொல்லவில்லை என்று இல்லை. எல்லோரும் சொன்னோம். சொன்ன விதம்தான். என்னோடு வந்து தங்கியிருக்கும் என் அக்கா, "அம்மா சாமிகிட்ட போயிருக்காங்க" என்றாள். குழந்தையின் அகராதியில் போயிருப்பவர்கள் வருவார்கள். நான் "அம்மா இல்லம்மா" என்றேன். பால் இல்லை என்போம், கொஞ்ச நேரத்தில் பால் வரும். பிஸ்கட் இல்லை என்போம், மறுநாள் பிஸ்கட் வரும். 'செத்துப்போச்சு' அவளுக்குத் தெரிந்த வார்த்தைதான். கரப்பானைப் பார்த்து 'தெத்துப்போத்து' என்பாள். ஆனால் அந்த வார்த்தையை எடுக்கப் போனாலே அக்கா என் வாயைப் பொத்துவாள். "பச்சைக் குழந்தைகிட்ட அதையா சொல்லுவ? தானா புரிஞ்சுக்கும்டா." காது கேட்கும் குழந்தைக்குத் தானாகப் புரியும். பக்கத்து அறையில் பெரியவர்கள் பேசுவது காதில் விழும், ஃபோனில் அழுவது விழும். என் மகளுக்கு எதுவும் அப்படித் தற்செயலாக விழுவதில்லை. முகத்தைப் பார்த்து, நேராக, அவளுக்கென்று சொன்னால்தான் உண்டு.

பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. ஆபரேஷன் செய்து தலைத் தோலுக்கு அடியில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் வட்டமான காந்த வில்லை. அது மண்டையில் அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டால் கேட்கும். எடுத்துவிட்டால் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் கேட்காது. பேச்சு சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒரு வழி வைத்திருந்தார். நாம் கையால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். உதட்டைப் பார்க்காமல் காதால் மட்டும் வாங்கி, அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் "வெரி குட்", கைத்தட்டல். அவள் அம்மா தினமும் சாயங்காலம் இதைச் செய்வாள். அப்புறம் நான் செய்தேன், அவ்வளவு பொறுமை இல்லாமல்.

கேம்ப் ஆசை அவளுடையது. கூடப் படிக்கும் பெண் மாடியில் கூடாரம் போட்டுப் படுத்தாளாம். மூன்று வாரம் நச்சரித்தாள். நான் சரி என்றதற்குக் காரணம் வேறு. வார்த்தையாகச் சொன்னால் புரியாததைக் கதையாகக் காட்டினால் புரியும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கூடாரத்துக்குள், டார்ச் வெளிச்சத்தில், நிழல் காட்டி ஒரு கதை சொல்லி, அந்தக் கதையில் அவளுக்கு அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அக்காவுக்கும் தெரியாது. உள்ளே பாயைப் போட்டுத் தலையணை வைத்தேன். குழந்தை சந்தோஷமாகக் குதிக்கிற இடத்துக்கு நான் இப்படி ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேனே என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இருட்டியதும் கூடாரத்துக்குள் புகுந்து ஜிப்பை இழுத்தோம். மூன்று டார்ச். பெரியது ஒன்றைக் கூரையில் இருக்கும் கொக்கியில் தொங்கவிட்டேன். நடுத்தரமானது எனக்கு. சின்னது, சிவப்பு நிறத்தில், அவளுக்கு. ஒரே ஒரு கேம்ப் சட்டம் போட்டேன். "தேவையில்லாம டார்ச் எரியக் கூடாது. பேட்டரி தீந்துடும்." அவள் அதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னாள். அப்புறம் நான் எதை எரிய விட்டாலும், "பேட்டரி வேத்ட்டு!" என்று அணைத்தாள். வேஸ்ட்டாம்.

முறுக்கு தின்றோம். கொசு வலை வழியாகப் பார்த்தால் ஃபேக்டரிகள் இருக்கும் எஸ்டேட் பக்கத்து வெளிச்சத்தில் வானம் ஆரஞ்சாகக் கிடந்தது. நட்சத்திரம் என்று பேருக்கு இரண்டு. அதற்கே அவள் ஆச்சரியப்பட்டாள். பேசுகிறவர் முகத்தில் டார்ச் அடிக்க வேண்டும் என்று அவளாகவே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். மெஷின் போட்டிருந்தாலும் உதடும் தெரிந்தால் அவளுக்கு வசதி. நான் முகவாய்க்குக் கீழே டார்ச்சைப் பிடித்துப் பேய் மாதிரி விழித்தபோது அவள் பயப்படவில்லை, எரிச்சல்தான் பட்டாள். கீழிருந்து அடித்தால் மூக்கின் நிழல் விழுந்து வாய் தெரியாது. முதுகுப் பக்கமிருந்து அடித்தால் முகமே தெரியாது. முன்னாலிருந்து, கொஞ்சம் பக்கவாட்டில், கண் கூசாமல் அடிக்க வேண்டும். அவளே என் கையைப் பிடித்து டார்ச்சைத் திருப்பி வைத்தாள். "இப்ப பேது."

கதை தொடங்கினேன். நிழலுக்குப் பெரிய டார்ச் உதவவில்லை, ஓரமெல்லாம் கலங்கியது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃபோன் லைட்டை மட்டும் முறுக்கு டப்பா மேல் வைத்தேன். பொட்டு மாதிரி சின்ன விளக்குதான் நிழலைத் துல்லியமாகக் காட்டுகிறது. கட்டைவிரல்களைக் கோத்து உள்ளங்கைகளை விரித்தால் கூடாரத் துணியில் ஒரு குருவி பறந்தது. கையை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் குருவி பெரிதாகிக் கூரை முழுக்க நிறைந்தது. தள்ளி வைத்தால் சின்னது. அது குஞ்சு.

"ஒரு வீட்டுல அம்மாக் குருவி, அப்பாக் குருவி, குட்டிக் குருவி இருந்துச்சாம்."

"குட்டிக் குருவி நானு," என்றாள் உடனே.

"ஒரு நாள் பெரிய மழை. அம்மாக் குருவிக்கு ஜுரம்."

அவள் துணியையே பார்த்தாள். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பெரிய குருவியை மெல்ல மேலே கொண்டுபோனேன். இறக்கை அடிப்பதை நிறுத்தினேன். இனி அடுத்த வாக்கியம்தான். அதைத்தான் பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"டிங் டிங் வருது," என்றாள் அவள்.

மெஷினில் பேட்டரி தீர்வதற்கு முன் அவளுக்கு மட்டும் கேட்கிற மணி அது. காலையிலிருந்து போட்டிருக்கிறாள். வழக்கமாக இந்நேரம் கழற்றி, ஈரம் இழுக்கும் டப்பாவில் போட்டு மூடியிருப்போம். மாற்று பேட்டரி கீழே சார்ஜரில் இருந்தது. நான் "ஒரு நிமிஷம்" என்பதற்குள் அவள் காதைத் தொட்டு, "போத்து," என்று மெஷினையும் வில்லையையும் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

நிம்மதிப்பட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று. டார்ச்சை எடுத்து, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே முன்னாலிருந்து என் முகத்தில் அடித்துக்கொண்டு, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். "அப்பா வந்துடுவேன். இங்கேயே இரு."

அவள் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சி ஏன் என்று நான் யோசிக்கவில்லை. "நெஜமா?" என்றாள். நான் தலையாட்டிவிட்டு இறங்கினேன்.

கீழே பேட்டரி சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அதே பிளக்கில் அக்கா தன் ஃபோனைச் சொருகியிருந்தாள். பேட்டரி எங்கே என்று தேடி, அலமாரி மேல் கண்டுபிடித்து, அவள் தூக்கக் கலக்கத்தில் "எதுக்குடா இந்தக் கூத்து, பிள்ளைக்குச் சளி பிடிக்கப்போகுது" என்று முனகியதற்குப் பதில் சொல்லி, மேலே வரக் கொஞ்ச நேரமாகிவிட்டது.

படிக்கட்டில் திரும்பும் இடத்தில் ஒரு டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய சிவப்பு டார்ச். படிகளில் வெளிச்சம் விழும்படி சாய்த்து, கீழே ஒரு செருப்பை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். மேல்படியில் நடுத்தர டார்ச், கூடாரத்தைப் பார்த்து. பெரியது கூடாரத்துக்குள் எரிய, துணி முழுக்க மஞ்சளாக ஒளிர்ந்தது. அத்தனை இருட்டில் அது ஒன்றுதான் வீடு மாதிரி இருந்தது. எனக்காக வழி காட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் வாசலில் மண்டியிட்டுக் காத்திருந்தாள். உள்ளே என் தலையணையைத் தள்ளிவிட்டு, நடுவில் போர்வையை மடித்து மூன்றாவது தலையணை செய்திருந்தாள். அதன் மேல் ஒரு முறுக்கு.

என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வரும்போதெல்லாம் கதவைத் திறந்துகொண்டு ஓடி வருவாள். என்னைத் தாண்டிப் படியில் எட்டிப் பார்ப்பாள், திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வாள். "உன்னைப் பாக்கவா வருது? பால்காரனைப் பாக்க வருது" என்று அக்கா கிண்டல் செய்வாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மெஷினில் பேட்டரியைப் போட்டு, அவள் காதில் மாட்டி, வில்லையை ஒட்டவைத்தேன். முடியில் வழுக்கி, இரண்டு தடவை விழுந்தது.

"அம்மா எங்க?" என்றாள்.

"யாரு சொன்னா அம்மா வரான்னு?"

"நீதான் தொன்ன. இப்ப. டெய்லியும் தொல்ற."

"எப்போ சொல்றேன்?"

"நைட்டு. ஆபீத் போறப்ப. அம்மா காலைல வந்துடுவா தொல்ற. வரல."

ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அவள் படுத்திருப்பாள். மெஷின் டப்பாவில் இருக்கும். ஃபோன் லைட்டை என் முகத்தில் அடித்து, "அப்பா காலையில வந்துடுவேன்" என்று உதட்டசைத்து, நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போவேன். என் மனசில் அது நான் செய்த ஒரே நல்ல காரியம். மற்றதில் எல்லாம் தோற்றாலும் இதை ஒரு ராத்திரியும் விட்டதில்லை.

ஃபோனை எடுத்து, கேமராவை என் பக்கம் திருப்பி, டார்ச்சை முகத்தில் அடித்து, சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். அப்பா. அம்மா. உதடு இரண்டு தடவையும் ஒரே மாதிரி மூடி ஒரே மாதிரி திறந்தது. 'ப்'பும் 'ம்'மும் சத்தத்தில்தான் வேறு வேறு. பார்வைக்கு ஒன்றுதான். அவளுக்கு முதல் வார்த்தை போதும், மிச்சத்தை ஆசை நிரப்பிவிடும். தமிழில் யார் இந்த இரண்டு வார்த்தைகளையும் இப்படி ஒரே மாதிரி செய்து வைத்தது என்று எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். இத்தனை மாதமும் ஒவ்வொரு ராத்திரியும் செத்துப்போனவள் வருவாள் என்று என் குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு காலையும் அவள் கதவைத் திறந்து பார்த்திருக்கிறாள். அம்மா போனது ஒரு தடவை இல்லை. தினமும் போயிருக்கிறாள்.

குருவியெல்லாம் இனி உதவாது என்று தெரிந்துவிட்டது. அவளை எதிரே உட்கார வைத்தேன். கையால் வாயை மறைத்துக்கொண்டேன். அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. பாடம் என்று புரிந்துகொண்டாள்.

"அம்மா வரமாட்டா."

"அம்மா வரமாட்டா," என்றாள்.

"எப்பவும் வரமாட்டா."

"எப்பவும் வரமாட்டா."

அவள் என் கண்ணைப் பார்த்தாள், கைத்தட்டலுக்காக. நான் தட்டவில்லை. கையை வாயிலிருந்து எடுக்கவும் இல்லை. எடுத்தால் என் உதடு நடுங்குவதை அவள் படித்துவிடுவாள்.

"அம்மா செத்துப்போயிட்டா."

இந்த முறை உடனே திருப்பிச் சொல்லவில்லை. மடித்து வைத்த போர்வையைப் பார்த்தாள், முறுக்கைப் பார்த்தாள். டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி நாக்கை உள்ளே இழுத்து, பல்லைச் சேர்த்து, மூச்சை விட்டாள்.

"அம்மா செத்துப்போயிட்டா."

சுத்தமான 'செ'. வருஷக்கணக்காக அவள் அம்மா மாரடித்தும் வராத எழுத்து, முதல் தடவையாக, இந்த வார்த்தைக்கு வந்தது.

"கரெக்டா?" என்று கேட்டாள்.

"கரெக்ட்டும்மா," என்றேன்.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் கொஞ்ச நேரம் என் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஜிப்பைத் திறந்து வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். மேல்படியில் இருந்த டார்ச்சை எடுத்து அணைத்தாள். படிக்கட்டுத் திருப்பம் வரை இறங்கி, சிவப்பு டார்ச்சையும் எடுத்தாள். கீழே தெரிந்த படிகளின் மேல் ஒரு தடவை வெளிச்சத்தை ஓட்டிப் பார்த்தாள்.

"பேட்டரி வேத்ட்டு," என்று சொல்லி அணைத்தாள்.